நின்னுபோன கஸ்டமரைத் திரும்பக் கூப்பிடுறது எப்படி? ஒரு செக்கு எண்ணெய்க் கடையின் கணக்கு

ஈரோடு பக்கத்துல மரச்செக்கு எண்ணெய்க் கடை வச்சிருக்கிற ஒரு அண்ணன் என்னோட கிளையன்ட். ஜிஎஸ்டி ரிட்டர்ன் விஷயமா ஆபீஸுக்கு வந்தவர் ரொம்ப சந்தோஷமா ஒண்ணு சொன்னார். "தம்பி, கடைக்கு வராம நின்னுபோன 600 பேருக்கு 200 ரூபாய் ஆஃபர்னு மெசேஜ் போட்டேனுங்க. 90 பேர் திரும்பி வந்துட்டாங்க. ஒண்ணேகால் லட்சத்துக்கு மேல சேல்ஸ். இனிமே மாசாமாசம் போடப்போறேன்."

எனக்கும் கேட்க நல்லாத்தான் இருந்தது. ஆனா கணக்கைப் போட்டுப் பார்த்தா, அந்த ஆஃபரால அவருக்கு நஷ்டம். அது எப்படி, அடுத்த தடவை என்ன மாத்தினோம்னு இந்தப் பதிவுல பார்ப்போம். கடை, சர்வீஸ், டியூஷன்னு திரும்பத் திரும்ப ஆள் வர்ற எந்தத் தொழில் செய்யறவங்களுக்கும் இதே கணக்குதான்.

90 பேர் வந்தும் நஷ்டம் எப்படி?

அவர் கடையில சராசரி பில் 1,400 ரூபாய். கடலை, பாட்டில், டெலிவரி, ஜிஎஸ்டி எல்லாம் போக ஒரு பில்லுக்குக் கையில நிக்கிறது 280 ரூபாய். 200 ரூபாய் தள்ளுபடி கொடுத்தா மிச்சம் 80. வந்தவங்க 90 பேர், அதாவது 7,200 ரூபாய். மெசேஜ் அனுப்பின ஏஜென்சிக்கு 600 கொடுத்தாச்சு. மீதி 6,600 ரூபாய் லாபம்னுதானே தோணுது?

இங்கதான் ஒரு கேள்வி கேட்கணும். மெசேஜ் போடாம இருந்திருந்தா இதுல எத்தனை பேர் தானாவே வந்திருப்பாங்க?

அவர் 45 நாளா பில் போடாத எல்லாரையும் "நின்னுபோனவங்க" லிஸ்ட்ல சேர்த்துட்டார். அந்த 90 பேரோட பழைய பில்களை எடுத்துப் பார்த்தோம். 50 பேர் எப்பவுமே 60, 75 நாளுக்கு ஒரு தடவைதான் வாங்குறவங்க. வீட்ல ரெண்டே பேர், அஞ்சு லிட்டர் எண்ணெய் ரெண்டு மாசத்துக்கு மேல வருது. அவங்க நிக்கவே இல்லை. வர்ற வாரம் முழு விலை கொடுத்து வாங்க இருந்தவங்களுக்கு நாமே கூப்பிட்டு 200 ரூபாய் கொடுத்திருக்கோம்.

மெசேஜே போடலைன்னா இந்த 50 பேர்கிட்ட இருந்து மட்டும் 50 × 280 = 14,000 ரூபாய் வந்திருக்கும். போட்டதால மொத்தமாவே வந்தது 6,600. வித்தியாசம் 7,400 ரூபாய், அதுவும் அவர் கையை விட்டுப் போனது. இதை மாசாமாசம் செஞ்சா வருஷத்துக்கு 90,000 ரூபாய் பக்கம் போயிடும். அதுபோக, "கொஞ்ச நாள் வாங்காம இருந்தா ஆஃபர் வரும்"னு ரெகுலர் கஸ்டமருக்கும் பழக்கிவிட்டுடுவோம்.

எப்போ அனுப்பணும்? காலண்டரைப் பார்க்காதீங்க, அவங்க இடைவெளியைப் பாருங்க

ஒருத்தர் நின்னுட்டாரா இல்லையான்னு அவரோட பழைய பில்தான் சொல்லும். 30 நாளுக்கு ஒரு தடவை வாங்குறவர் 60 நாள் வரலைன்னா ஏதோ ஆகியிருக்கு. 75 நாளுக்கு ஒரு தடவை வாங்குறவர் 80-வது நாள் வரலைன்னா ஒண்ணும் ஆகலை.

பில்லிங் சாஃப்ட்வேர்ல இருந்து எக்செல்லுக்கு எடுத்து, A-ல போன் நம்பர், B-ல முதல் பில் தேதி, C-ல கடைசி பில் தேதி, D-ல மொத்த பில் எண்ணிக்கைன்னு வச்சுக்கோங்க. E-லயும் F-லயும் இந்த ரெண்டு ஃபார்முலா போதும்.

```
E2: =(C2-B2)/(D2-1)
F2: =(TODAY()-C2)/E2
```

E-ல வர்றது அவரோட வழக்கமான இடைவெளி, நாள் கணக்குல. F-ல வர்றது, கடைசியா வாங்கி அந்த இடைவெளி மாதிரி எத்தனை மடங்கு ஆச்சுங்கிறது.

நான் வச்சுக்கிற அளவு இதுதான். F ஒன்றரைக்குக் கீழே இருந்தா தொடவே வேண்டாம். ஒன்றரைல இருந்து ரெண்டுக்குள்ள இருந்தா "எண்ணெய் தீர்ந்திருக்குமே, அனுப்பட்டுங்களா?"ன்னு ஒரு நினைவூட்டல் மட்டும், ஆஃபர் கிடையாது. ரெண்டுல இருந்து நாலுக்குள்ள இருக்கிறவங்கதான் நாம திரும்பக் கூப்பிட வேண்டியவங்க. நாலைத் தாண்டினவங்க பெரும்பாலும் வேற கடைக்குப் பழகியிருப்பாங்க. ஒரே ஒரு மெசேஜ், பதில் இல்லைன்னா லிஸ்ட்ல இருந்து எடுத்துடலாம்.

இந்தக் கணக்கு மூணு பில்லாவது போட்டவங்களுக்குத்தான் சரியா வரும். ஒரே தடவை கல்யாணத்துக்கு மொத்தமா வாங்கினவர் நின்னுபோன கஸ்டமர் இல்லை. மே மாசம் லீவுக்கு ஊருக்குப் போற குடும்பங்களுக்கும் கொஞ்சம் நாள் சேர்த்துப் பாருங்க.

அண்ணனோட 600 பேர் லிஸ்ட்டை இப்படிச் சலிச்சதுல ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவுல இருந்தவங்க வெறும் 160 பேர். மெசேஜை மாசத்தோட முதல் வாரத்துல வச்சோம். சம்பளம் வந்து மளிகை லிஸ்ட் எழுதற நேரம் அதுதான்.

ஆஃபர் எவ்வளவு? விலையைப் பார்க்காதீங்க, 280-ஐப் பாருங்க

"1,400-ல 200 தானே"ன்னு யோசிச்சா சின்னதாத் தெரியும். 280-ல 200ன்னு யோசிங்க, லாபத்துல எழுபது சதவீதத்துக்கு மேல போகுது. ஆஃபரை எப்பவும் லாபத்தோடதான் ஒப்பிடணும்.

அப்புறம், ஒருத்தர் ஒரு தடவை வந்து ஆஃபரை வாங்கிட்டுப் போறதுல நமக்குப் பிரயோஜனம் இல்லை. ரெண்டாவது பில் போட்டாத்தான் அவர் திரும்பி வந்தவர். அதனால ஆஃபரை ரெண்டாப் பிரிச்சோம். முதல் பில்லோட 200 மில்லி நல்லெண்ணெய் பாட்டில் இலவசம். அண்ணனுக்கு அதோட அடக்க விலை 75 ரூபாய், கஸ்டமருக்கு 100 ரூபாய் பொருள். அடுத்த 60 நாளுக்குள்ள ரெண்டாவது பில் போட்டா 75 ரூபாய் குறைப்பு. ரெண்டு பில்லும் சேர்ந்து லாபம் 560, ஆஃபர் செலவு 150, மிச்சம் 410.

தள்ளுபடியை பில்லுலயே தனி வரியாக் காட்டுங்க. அப்போ குறைச்ச தொகைக்குத்தான் ஜிஎஸ்டி. பில்லை 1,400-க்குப் போட்டுட்டு கையில 75 ரூபாய் திருப்பிக் கொடுத்தா, வாங்காத காசுக்கும் சேர்த்து வரி கட்டுவீங்க.

என்ன எழுதணும்?

அண்ணன் முதல்ல அனுப்பினது இது: "உங்களை மிஸ் பண்றோம்! கடைசி வாய்ப்பு!! 200 ரூபாய் தள்ளுபடி, இன்றே முந்துங்கள்!!!" யார் அனுப்பினாங்கன்னே முதல் வரில தெரியலை. எண்ணெய்க் கடைக்காரர் நம்மளை மிஸ் பண்றார்னு யாரும் நம்பவும் மாட்டாங்க.

எழுதறதுக்கு முன்னாடி 20 பேருக்கு அவரையே போன் பண்ணச் சொன்னேன். விக்கிறதுக்கு இல்லை, ஏன் வரலைன்னு கேட்க மட்டும். சிலர் வீடு மாறிட்டாங்க. சிலர் டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொன்னதால குறைச்சுட்டாங்க. நாலு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னாங்க: "ரெண்டு தடவை மூடி லூஸா இருந்து எண்ணெய் ஒழுகிருச்சு. டெலிவரி பையன்கிட்ட சொன்னோம், யாரும் கூப்பிடலை."

இவங்களுக்கு ஆஃபர் அனுப்பினா கோபம்தான் வரும். இவங்களுக்கு மன்னிப்பு மட்டும் போகணும், அதுவும் மூடியை மாத்தின பிறகு. அண்ணன் சீல் வச்ச மூடிக்கு மாறிட்டு, அந்த நாலு பேருக்கும் நேராப் பேசி, ஒழுகின பாட்டிலுக்குப் பதில் பாட்டில் கொடுத்தார். அவங்களை 160 பேர் லிஸ்ட்ல சேர்க்கலை.

மத்தவங்களுக்குப் போன மெசேஜ் இப்படி:

"வணக்கம்க்கா, செக்கு எண்ணெய்க் கடைங்க. நீங்க வழக்கமா வாங்குற கடலெண்ணெய் இந்த வாரம் புதுசா ஆட்டியிருக்கோம். இப்போ வாங்கினா 200 மில்லி நல்லெண்ணெய் சேர்த்துத் தர்றோம், 10-ம் தேதி வரைக்கும். எங்ககிட்ட ஏதாவது குறை இருந்தாலும் சொல்லுங்க. மெசேஜ் வேண்டாம்னா 'வேண்டாம்'னு மட்டும் அனுப்புங்க, இனி அனுப்ப மாட்டோம்."

யாரு, அவங்க வாங்குற பொருள், ஆஃபர், கடைசித் தேதி, குறை சொல்ல ஒரு வாசல், வெளியே போக ஒரு வாசல். ஆறும் இருக்கு, ஆச்சரியக்குறி ஒண்ணுகூட இல்லை. பதில் இல்லைன்னா 7-ம் தேதி ஒரு நினைவூட்டல், அதோட நிறுத்தணும்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட்ல போட்டா, உங்க நம்பரை சேவ் பண்ணி வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும்தான் போகும். நின்னுபோனவங்க பலர் நம்பரை அழிச்சிருப்பாங்க. "யாரும் பதில் போடலை"ன்னு நீங்க நினைப்பீங்க, அவங்களுக்கு மெசேஜே போயிருக்காது. அதனால கடையில வேலை செய்யற பொண்ணு நாலு நாள்ல ஒவ்வொருத்தருக்கா தனியா அனுப்பினாங்க.

ஜெயிச்சோமான்னு எப்படித் தெரியும்?

160 பேர்ல போன் நம்பர் 0 அல்லது 5-ல முடியற 32 பேருக்கு வேணும்னே எதுவும் அனுப்பலை. மீதி 128 பேருக்கு அனுப்பினோம். 30 நாள் கழிச்சுப் பார்த்தா, அனுப்பாத 32-ல 2 பேர் தானா வந்திருந்தாங்க. அனுப்பின 128-ல வந்தவங்க 24 பேர்.

32-க்கு 2ன்னா 128-க்கு 8. அந்த 8 பேர் எப்படியும் வந்திருப்பாங்க, மெசேஜால வந்தவங்க 16 பேர்தான். ஆஃபர் போக 24 × 205 = 4,920. தானா வந்திருக்கக்கூடிய 8 × 280 = 2,240. வித்தியாசம் 2,680. அனுப்பின பொண்ணோட நேரத்துக்கு 500 கழிச்சா 2,180 ரூபாய் நிஜ லாபம். ரெண்டாவது பில் போட்டவங்க 15 பேர்.

32 பேர்ங்கிறது சின்ன கூட்டம். அதுல ரெண்டுக்குப் பதில் மூணு பேர் வந்திருந்தா லாபம் 1,060-ஆக் குறைஞ்சிருக்கும். அதனால ஒரு தடவை பார்த்து முடிவு பண்ணாம, மூணு நாலு தடவை இதே மாதிரி செஞ்சு எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்க.

கணக்கைக் காட்டினதும் அண்ணன் கொஞ்ச நேரம் பேசலை. "90 பேர் வந்தப்போ 7,400 போச்சு, 24 பேர் வந்தப்போ 2,180 வந்துச்சு. அப்படித்தானுங்களே தம்பி?"ன்னார். அப்படியேதான்ணே.

அடுத்த மெசேஜ் போடறதுக்கு முன்னாடி அந்த F காலத்தை மட்டும் ஒரு தடவை போட்டுப் பாருங்க. உங்க "நின்னுபோனவங்க" லிஸ்ட்ல பாதிப் பேர் நிக்கவே இல்லைன்னு தெரிய வரலாம்.