வெண்டருக்குத் தெரிந்தது முதலாளிக்கு எப்போது தெரியும்?

விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சியில் 40 பேர் வேலை செய்யும் ஒரு பீங்கான் தொழிற்கூடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வருகைப்பதிவையும் சம்பளக் கணக்கையும் வெளியே ஒரு மென்பொருள் நிறுவனம் பார்க்கிறது. தொழிலாளர்களின் விரல்ரேகையும் வங்கிக் கணக்கு எண்ணும் அந்த நிறுவனத்திடம்தான் இருக்கின்றன. அங்கே கசிவு ஏற்பட்டாலும், 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி பொறுப்பு முதலாளிக்கே. ஒப்பந்தத்தில் வேறு எப்படி எழுதியிருந்தாலும் இது மாறாது. ஆகவே ஒப்பந்தத்தை இந்த வரிசையில் படியுங்கள்.

1. தாள்களைச் சேர்த்தல். முதன்மை ஒப்பந்தம், இணைப்புகள், ஆர்டர் படிவம், இணையதளத்தில் இருக்கும் நிபந்தனைகள் எல்லாவற்றையும் எடுங்கள். அவை முரண்பட்டால் எது செல்லும் என்ற பிரிவை முதலில் தேடுங்கள். இணைப்பில் உள்ள நல்ல வாசகத்தை முதன்மை ஒப்பந்தம் அடித்துவிடக்கூடும்.

2. கடமைகளைப் பிரித்தல். ஒரு தாளில் பிரிவு எண், வாசகம், உங்கள் குறிப்பு என்று மூன்று பத்தி போடுங்கள். வாசகத்தைச் சுருக்காமல் அப்படியே எழுதுங்கள். ‘செய்ய வேண்டும்’ என்பது கடமை. ‘நியாயமான முயற்சி எடுக்கப்படும்’ என்பது அவ்வளவு உறுதியானதல்ல. ஒப்பந்தம் முடிந்தபின் தரவை அழிப்பது, துணை வெண்டருக்கு அனுமதி கேட்பது ஆகியவை பெரும்பாலும் வேறு தலைப்புகளுக்குள் கிடக்கும்.

3. கசிவு அறிவிப்பு. நாள் கணக்கை மட்டும் குறிக்காதீர்கள். அது எதிலிருந்து தொடங்குகிறது என்றும் குறியுங்கள். ‘உறுதிசெய்த பின் 3 வேலை நாட்களுக்குள்’ என்று இருக்கிறதா? வெள்ளி மாலை சந்தேகம் எழுந்து, திங்கள் உறுதியானால், வியாழன் வரை வெண்டர் பேசாமல் இருக்கலாம். அந்தச் சட்டத்துக்காக 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி, கசிவு தெரிந்ததும் முதலாளி தாமதமின்றித் தொழிலாளர்களுக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் சொல்ல வேண்டும். 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்கு விரிவான விவரமும் தர வேண்டும். அந்தக் கடமையும் மேலே சொன்ன 8-ஆம் பிரிவும் 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. செர்ட்-இன் அமைப்பின் 2022 உத்தரவோ, குறிப்பிட்ட வகைச் சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. எனவே ‘சந்தேகம் எழுந்த 24 மணி நேரத்துக்குள்’ என்று திருத்தக் கேளுங்கள். செர்ட்-இன் வகைச் சம்பவத்துக்கு ‘உடனே’ என்று தனியாகச் சேர்க்கக் கேளுங்கள்.

4. தணிக்கை உரிமை. யார், எப்போது, யார் செலவில், எத்தனை நாள் முன்னறிவிப்போடு என்பவற்றை எழுதுங்கள். ‘ஆண்டுக்கு ஒருமுறை, 30 நாள் முன்னறிவிப்பு’ என்றால் கசிவு நடந்த வாரத்தில் உள்ளே போக முடியாது. கசிவுக்குப் பின் உடனடித் தணிக்கை உண்டா, அது துணை வெண்டரிடமும் செல்லுமா என்று பாருங்கள். தணிக்கைக்குப் பதில் சான்றிதழ் மட்டும் தருவதாக இருந்தால், உங்கள் தரவு இருக்கும் சேவை அதில் அடங்குகிறதா என்று பாருங்கள்.

எதுவும் கிடைக்காத இடத்தைக் காலியாக விடாமல் ‘இல்லை’ என்று எழுதுங்கள். காலி இடத்தைப் பார்ப்பவர், யாரும் தேடவில்லை என்றுதான் நினைப்பார். அந்த ‘இல்லை’கள்தான் அடுத்த புதுப்பிப்பில் நீங்கள் கேட்க வேண்டியவை.