மேலதிகாரி வந்தால் இவர் வரக்கூடாது: மரத்தில் ஒட்டாத கணுக்களைப் பொறுக்குவது எப்படி

யூரல் அரசுப் பல்கலைக்கழகம் ரஷ்யாவின் எகாத்தரின்பூர்க் நகரில் 1920-இல் தொடங்கியது. அதன் 80-ஆம் ஆண்டு விழாவை வைத்து எழுதப்பட்ட ஒரு கணக்கு, டிமஸ் கணக்குத் தொகுப்பில் 1039-ஆம் எண்ணில் இருக்கிறது. பல்கலைக்கழகத் தலைவர் விருந்து வைக்கிறார். ஊழியர்கள் ஒவ்வொருவருக்கும், அவர் வந்தால் விருந்து எவ்வளவு களைகட்டும் என்பதற்கு ஒரு மதிப்பெண் உண்டு. அது –128 முதல் 127 வரை இருக்கலாம். நிபந்தனை ஒன்றுதான்: ஒருவரும் அவருடைய நேரடி மேலதிகாரியும் சேர்ந்து வரக்கூடாது. அழைக்கப்படுகிறவர்களின் மொத்த மதிப்பெண் எவ்வளவு அதிகமாக இருக்க முடியும்? ஊழியர்கள் 6000 பேர் வரை இருக்கலாம்.

தலைவர் வேர், மற்ற ஒவ்வொருவருக்கும் மேலே ஒரே ஒரு அதிகாரி. ஆக இது ஒரு மரம். கோடு போட்டு இணைத்த இரண்டு கணுக்களைச் சேர்த்து எடுக்காமல், மதிப்பின் கூட்டுத்தொகையைப் பெரிதாக்க வேண்டும். டைனமிக் புரோகிராமிங்கை மரத்தின் மேல் ஓட்டிப் பழக இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியாது. பாடம் எடுக்கும்போது நான் எப்போதும் இதிலிருந்துதான் தொடங்குவேன்.

முதலில் கையால் போட்டுப் பார்க்க எட்டுப் பேர் போதும். அடைப்புக்குறிக்குள் இருப்பது மதிப்பெண்.

```
1 (4)
├─ 2 (3)
│  ├─ 4 (8)
│  └─ 5 (-4)
└─ 3 (12)
   ├─ 6 (6)
   │  └─ 8 (9)
   └─ 7 (5)
```

இதைப் பார்த்ததும் பெரும்பாலோருக்குத் தோன்றும் வழி, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை எடுப்பது. ஒரே வரிசையில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் மேலதிகாரி இல்லை என்பதால் நிபந்தனை மீறப்படாது. முதல் வரிசையையும் மூன்றாம் வரிசையையும் கூட்டினால் 4 + 8 – 4 + 6 + 5 = 19. இரண்டாம் வரிசையும் நான்காம் வரிசையும் 3 + 12 + 9 = 24. ஆனால் சரியான விடை 29. வித்தியாசம் எங்கே வருகிறது என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

இருப்பதில் பெரிய மதிப்பை முதலில் எடு, அதை ஒட்டியவற்றை அடித்துவிடு, மீதியில் பெரியதை எடு, எதிர்மறை மட்டும் மிஞ்சினால் நிறுத்து என்பது இன்னொரு வழி. மேலே உள்ள மரத்தில் அது தற்செயலாகச் சரியாக வந்துவிடும், அதனால்தான் ஏமாற்றும். நடுவில் 10 மதிப்புள்ள ஒருவர், அவருக்குக் கீழே ஆளுக்கு 6 மதிப்பில் இருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தை எடுத்தால் அதோடு முடிந்தது. கீழே இருக்கும் இருவரையும் எடுத்திருந்தால் 12 கிடைத்திருக்கும்.

இப்போது சரியான வழி. ஒரு கணுவின் முன் நின்று, அவரும் அவருக்குக் கீழே இருப்பவர்களும் மட்டும்தான் உலகம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிளையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு கிடைக்கும் என்று ஒரே ஒரு எண்ணைக் கேட்டால், மேலே இருப்பவருக்கு அது போதாது. மேலே இருப்பவர் விருந்துக்கு வருவதானால், இவர் வராத நிலையில் கிளைக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் அவருக்குத் தேவை. ஆகவே ஒவ்வொரு கணுவும் இரண்டு எண்களை மேலே அனுப்ப வேண்டும். இவரை எடுத்தால் கிளையின் அதிகபட்சம் ஒன்று, இவரை விட்டால் கிளையின் அதிகபட்சம் இன்னொன்று. நிரலில் முதலாவதை take, இரண்டாவதை skip என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒருவரை எடுத்தால், அவருடைய மதிப்போடு பிள்ளைக் கணுக்கள் ஒவ்வொன்றின் skip-ஐக் கூட்ட வேண்டும். அவரை விட்டால், ஒவ்வொரு பிள்ளையின் take, skip இரண்டில் எது பெரியதோ அதைக் கூட்ட வேண்டும். முழுக் கணக்கும் இவ்வளவுதான்:

```
take[u] = value[u] + Σ skip[c]
skip[u] = Σ max(take[c], skip[c])
```

இரண்டாவது வரியில்தான் பலர் சறுக்குகிறார்கள். மேலே இருப்பவரை விட்டாயிற்று என்றால் கீழே இருப்பவரை எடுத்தே ஆக வேண்டும் என்று நினைத்து, `max` போடாமல் `take[c]`-ஐ மட்டும் கூட்டிவிடுகிறார்கள். விட்டால் எடுக்கலாம், அவ்வளவுதான், கட்டாயம் இல்லை. வரிசை விட்டு வரிசை எடுக்கும் முதல் வழியும் இதே தப்பைத்தான் செய்தது. 9, 1, 1, 9 என்று நேர்கோட்டில் நான்கு பேரை வைத்துச் சோதித்தால் தப்பு உடனே வெளியே வரும். சரியான விடை 18, நடுவில் இருக்கும் இருவரையும் விட வேண்டும். கட்டாயப்படுத்தி எழுதிய நிரல் 10 என்று சொல்லும்.

நம் மரத்தைக் கீழிருந்து போடுவோம். இலைகளுக்குப் பிள்ளை இல்லை, அதனால் எடுத்தால் சொந்த மதிப்பு, விட்டால் 0. கணு 8-க்கு 9, 0. கணு 4-க்கு 8, 0. கணு 7-க்கு 5, 0. கணு 5-க்கு –4, 0.

கணு 6-ஐ எடுத்தால் 8-ஐ எடுக்க முடியாது, எனவே 6 + 0 = 6. விட்டால் 9. கணு 2-ஐ எடுத்தால் 3 + 0 + 0 = 3. விட்டால் 4-இடமிருந்து 8, 5-இடமிருந்து –4, 0 இரண்டில் பெரியதான 0, ஆக 8. மதிப்பு எதிர்மறையாக இருப்பவரை `max` தானாகவே ஒதுக்கிவிடுகிறது, தனியாக ஒரு நிபந்தனை எழுத வேண்டியதில்லை.

கணு 3-ஐ எடுத்தால் 12-உடன் 6-இன் skip 9, 7-இன் skip 0, மொத்தம் 21. விட்டால் 9 + 5 = 14. கடைசியாக வேர்: எடுத்தால் 4 + 8 + 14 = 26, விட்டால் 8 + 21 = 29. பெரியது 29.

விடை வந்துவிட்டது. யார் யாரை அழைப்பது? இதற்கு மேலிருந்து கீழே இறங்க வேண்டும். வேரில் 29 பெரியது, அதனால் 1 வேண்டாம். அடுத்து 2: அதன் மேலதிகாரி வரவில்லை, எனவே இரண்டு எண்களையும் ஒப்பிடலாம், 3-ஐவிட 8 பெரியது, 2-ம் வேண்டாம். 1, 2 இருவரையும் அடுத்தடுத்து விட்டிருக்கிறோம். வரிசைக் கணக்கு தவறவிட்டது இதைத்தான். 3-ஐ எடுக்கிறோம். அதற்குக் கீழே 6, 7 இருவரையும் எந்த ஒப்பீடும் இல்லாமல் விட வேண்டும். 7-க்குத் தனியாகப் பார்த்தால் 5 பெரியது, 0 சிறியது. மேலே யாரை எடுத்தோம் என்று பார்க்காமல் கணுவின் இரண்டு எண்களை மட்டும் ஒப்பிட்டால் இங்கே 7 உள்ளே நுழைந்து நிபந்தனை உடைந்துவிடும். பிறகு 6 வராததால் 8 வரலாம், 2 வராததால் 4 வரலாம். பட்டியல் 3, 4, 8. கூட்டிப் பாருங்கள்: 12 + 8 + 9 = 29. பட்டியலை எடுத்த பிறகு அதன் கூட்டுத்தொகை விடையோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதை நான் ஒருபோதும் விடுவதில்லை, இறங்கும் வழியில் செய்த பிழை அங்கேயே பிடிபடும்.

நிரலுக்கு வருவோம். டிமஸ் கணக்கில் முதலில் ஆட்களின் எண்ணிக்கை, பிறகு மதிப்பெண்கள், அதன்பின் L K என்ற இணைகள் வரும். L-இன் நேரடி மேலதிகாரி K என்று பொருள். `0 0` வந்தால் முடிவு. இணையில் முதலில் வருவது கீழே இருப்பவர் என்பதைக் கவனியுங்கள். மாற்றி வாசித்தால் மரம் தலைகீழாகிவிடும். வேர் யார் என்று கணக்கு எண்ணாகச் சொல்லாது. மேலதிகாரியே இல்லாதவர் யாரோ அவர்தான் வேர். 1-ஆம் ஆள்தான் தலைவர் என்று எடுத்துக்கொண்டால் தவறான விடை வரும்.

```python
import sys
d = list(map(int, sys.stdin.read().split()))
n = d[0]
take = [0] + d[1:n+1]
skip = [0] * (n+1)
parent = [0] * (n+1)
kids = [[] for _ in range(n+1)]
for i in range(n+1, len(d)-1, 2):
    l, k = d[i], d[i+1]
    if l == 0:
        break
    parent[l] = k
    kids[k].append(l)
root = parent.index(0, 1)
order = [root]
for u in order:
    order.extend(kids[u])
for u in reversed(order):
    if u != root:
        p = parent[u]
        take[p] += skip[u]
        skip[p] += max(take[u], skip[u])
print(max(take[root], skip[root]))
```

இதில் ஃபங்ஷன் தன்னைத்தானே அழைக்கும் ரிகர்ஷன் இல்லை. அது வேண்டுமென்றே செய்தது. ரிகர்ஷன் வைத்தால் நிரல் இன்னும் அழகாகத்தான் இருக்கும், சின்ன மரங்களில் ஓடவும் செய்யும். ஆனால் 6000 பேரும் ஒருவருக்குக் கீழ் ஒருவராக ஒரே சங்கிலியாக இருந்தால், பைத்தானின் வழக்கமான வரம்பு 1000 அழைப்புகள்தான் என்பதால் `RecursionError` வந்து நின்றுவிடும். அதனால் முதலில் வேரிலிருந்து ஒவ்வொரு வரிசையாக `order` பட்டியலில் சேர்க்கிறோம். அந்தப் பட்டியலில் எந்தப் பிள்ளையும் தன் தாய்க்கணுவுக்குப் பின்னால்தான் வரும். பின்னாலிருந்து வாசித்தால், ஒரு கணுவைத் தொடும்போது அதன் பிள்ளைகள் எல்லாம் தங்கள் எண்களை மேலே கொடுத்து முடித்திருக்கும். ஒவ்வொருவரையும் ஒரே ஒரு முறை தொடுகிறோம், எனவே 6000 பேருக்குக் கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. எல்லாச் சேர்க்கைகளையும் போட்டுப் பார்ப்பதானால் நம் எட்டுப் பேருக்கே 256 சேர்க்கைகள், ஒவ்வொரு ஆள் கூடும்போதும் அது இரட்டிக்கும்.

எல்லோருடைய மதிப்பெண்ணும் எதிர்மறையாக இருந்தால் இந்த நிரல் 0 என்று சொல்லும், அதாவது யாரையும் அழைக்காத விருந்து. ஒருவராவது வர வேண்டும் என்று உங்கள் கணக்கு கேட்டால், விடை 0 ஆக வரும்போது மட்டும் தனி மதிப்புகளில் பெரியதை விடையாகக் கொடுங்கள்.

சில கணக்குகளில் யார் மேல், யார் கீழ் என்ற தகவலே இருக்காது, கோடுகள் மட்டும்தான் இருக்கும். அப்போது எந்தக் கணுவையும் வேராகப் பிடித்துக்கொள்ளலாம், விடை மாறாது. ஒட்டியிருப்பது என்பதற்கு மேல், கீழ் என்ற திசை கிடையாதே. ஒரு கணுவிலிருந்து இறங்கும்போது, வந்த வழியே மட்டும் திரும்பிப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சுழல் இருந்தால் நிலைமை வேறு. 3-க்கும் 4-க்கும் நடுவே கூடுதலாக ஒரு கோடு போட்டால் நம் படம் மரமாக இருக்காது. கிளைகள் ஒன்றையொன்று தொடாது என்ற அடிப்படையே போய்விடும், அந்த நம்பிக்கையில்தான் பிள்ளைகளின் எண்களைக் கூட்டினோம். கோடுகள் இஷ்டப்படி போகும் வரைபடங்களுக்கு இந்தக் கேள்வி என்பி-கடினம் என்ற வகையைச் சேர்ந்தது, விரைவான பொதுவழி எதுவும் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனால் கூடுதல் கோடு ஒன்றே ஒன்று என்றால் தப்பித்துவிடலாம். அந்தக் கோட்டை அழித்துவிட்டு இதே நிரலை இரண்டு முறை ஓட்டுங்கள், ஒரு முறை 3-ஐ எடுக்கத் தடை, இன்னொரு முறை 4-ஐ எடுக்கத் தடை. தடை என்பது அந்தக் கணுவின் take-ஐ மிகப் பெரிய எதிர்மறை எண்ணாக வைப்பதுதான். நம் மரத்தில் 4-க்குத் தடை போட்டால் 2-இன் இரண்டு எண்களும் 3, 0 ஆகின்றன, வேரை விட்டால் 3 + 21 = 24. 3-க்குத் தடை போட்டால் வேரை எடுக்கும்போது 4 + 8 + 14 = 26. இரண்டு ஓட்டத்தில் பெரியது 26, அழைக்க வேண்டியவர்கள் 1, 4, 7, 8.