மன்னிப்புக் கேட்காமல் பிழையை ஒப்புக்கொள்வது எப்படி?

கேள்வி:

1996ஆம் ஆண்டு கொழும்பில் ஒரு பெண்கள் பாடசாலையில் எட்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு பிள்ளை அந்த வருடம் எங்கள் வகுப்பில் சேர்ந்தாள். தாயோடும் தம்பியோடும் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் இருந்தாள். அவள் கதைப்பதை நானும் என் கூட்டாளிகளும் அப்படியே திருப்பிச் சொல்லிச் சிரிப்போம். பிறகு அவளுக்கு ‘புலி’ என்று பட்டம் வைத்தேன். வகுப்பில் மட்டும் இல்லை, பாடசாலை விட்டுப் போகும்போது காலி வீதி பஸ் தரிப்பிலும் சத்தமாக அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன். பக்கத்திலேயே ஆமி சென்ட்ரி. அவளுடைய அண்ணன் இயக்கத்தில் இருக்கிறான் என்றும் ஒரு கதையைக் கட்டிவிட்டேன். அவளுக்கு அண்ணனே இல்லை. அடுத்த வருடம் அவள் பாடசாலையை விட்டு நின்றுவிட்டாள்.

இப்போது அவள் கனடாவில் இருக்கிறாள். அண்மையில் எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒருவர் பழைய படத்தைப் போட்டார். அவள் முகத்துக்குக் கீழே அந்தப் பட்டத்தை எழுதி, இன்னொருவர் சிரித்திருந்தார். அவள் அந்தக் குழுவில் இல்லை. அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அவளுடைய பேஸ்புக் பக்கத்தைக் கண்டுபிடித்து இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: “சின்ன வயதில் தெரியாமல் ஏதாவது உன் மனம் நோகும்படி நடந்திருந்தால் என்னை மன்னித்துக்கொள். அந்தக் காலத்தில் எங்களுக்கும் பயம். நீ மன்னித்தால்தான் எனக்கு நிம்மதி.” அனுப்பச் சொல்கிறார் கணவர். மன்னிப்பைக் கேட்காதே, செய்ததை மட்டும் சொல் என்கிறாள் தோழி. மன்னிப்புக் கேட்காமல் எப்படி எழுதுவது?

– வாசகி, வெள்ளவத்தை

பதில்:

உங்கள் தோழி சொல்வது சரி. எழுதி வைத்திருப்பதை அனுப்ப வேண்டாம். அதில் உள்ள மூன்று வாக்கியங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் காரணம் விளங்கும்.

“தெரியாமல் ஏதாவது உன் மனம் நோகும்படி நடந்திருந்தால்.” என்ன நடந்தது என்று எனக்குப் பத்து வரிகளில் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு எழுதும்போது அது ‘ஏதாவது’ ஆகிவிட்டது. பட்டம், பஸ் தரிப்பு, சென்ட்ரி, இல்லாத அண்ணன் எல்லாம் போய்விட்டன. ‘நடந்திருந்தால்’ என்பது, நடந்ததா இல்லையா என்று முடிவு செய்யும் வேலையையும் அவர் தலையிலேயே போடுகிறது. இத்தனை வருடம் இதைச் சுமந்தவர் அவராக இருந்தால், இந்த வாக்கியத்தை வாசித்ததும் “இவளுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை” என்றுதான் நினைப்பார்.

“அந்தக் காலத்தில் எங்களுக்கும் பயம்.” இது உண்மை, எனக்கும் தெரியும். 1996 ஜனவரி 31 மத்திய வங்கியில் குண்டு. ஜூலை 24 தெஹிவளையில் ரயிலில் குண்டு. வெள்ளவத்தைக்கு அடுத்த ஸ்டேஷன் அது. பொலிஸ் பதிவும் சுற்றிவளைப்பும் இரவுச் சோதனையும் இல்லாத லொட்ஜ் அப்போது கொழும்பில் இல்லை. பஸ்ஸில் தமிழில் சத்தம் போட்டுக் கதைக்காதே என்று வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த காலம். ஆனால் முதல் வாக்கியத்தில் ‘தெரியாமல்’ என்றீர்கள், இரண்டாவதில் ‘பயம்’ என்கிறீர்கள். பயந்திருந்தால், அந்தச் சொல் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. சென்ட்ரியில் நின்றவர் காதில் விழுந்திருந்தால் அந்தப் பிள்ளையின் தாயை விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். வகுப்பில் பேச்சைப் பழித்ததும் தெருவில் அப்படிக் கூப்பிட்டதும் ஒரே நிறையில் வைக்கக்கூடிய விஷயங்கள் இல்லை. கடிதத்தில் இரண்டாவதை ஒளிக்காமல் எழுத வேண்டும். அதை எழுதத்தான் உங்களுக்குக் கை வரவில்லை என்று நினைக்கிறேன்.

பயத்தைப் பற்றி உங்கள் கணவரோடு கதையுங்கள், என்னைப் போன்ற ஓர் உளவளத்துணையாளரோடு கதையுங்கள். உங்களோடு படித்தவருக்கு எழுதும் கடிதத்தில் அதற்கு இடம் இல்லை. காரணம் பக்கத்தில் வந்து நின்றால் வருத்தம் என்ன ஆகும் என்பதற்குக் கொழும்புத் தமிழர் கண்ட ஓர் உதாரணம் உண்டு. 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் இருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி இடைக்காலத் தடை விதித்தது. சில நாட்களில் பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க அது பிழை என்று ஏற்று அரசாங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். அதே வாரம் பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ஷ, பாதுகாப்புக்காகவே அனுப்பினோம் என்று வெளிநாட்டு ஊடகங்களிடம் நியாயம் சொன்னார். பிழை என்று ஒருவர் சொல்ல, சரி என்று இன்னொருவர் சொன்னால், பாதிக்கப்பட்டவர் எதை நம்புவது? உங்கள் கடிதத்தில் அந்த இரண்டு குரலும் உங்களுடையதாகவே இருக்கிறது.

“நீ மன்னித்தால்தான் எனக்கு நிம்மதி.” இதுதான் எல்லாவற்றிலும் பாரமானது. உங்கள் நித்திரையை அவர் பொறுப்பில் விடுகிறீர்கள். மன்னித்தேன் என்று எழுத மனம் வராவிட்டால், இப்போது அவர் கல்நெஞ்சுக்காரி. எங்கள் ஆட்களிடம் இந்த நெருக்கடி இன்னும் கூட. “வந்து கேட்டபிறகும் மன்னிக்காமல் இருக்கலாமா” என்று சொல்ல நாலு பேர் எப்போதும் இருப்பார்கள். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரோய் லெவிக்கியும் அவருடைய சகாக்களும் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மன்னிப்புக் கோரலில் ஆறு பகுதிகளைப் பிரித்து, அதைப் பெறுபவர் மனதில் எது எடுபடுகிறது என்று பார்த்தார்கள். முதலில் நின்றது ‘இது என் பிழை’ என்று பொறுப்பேற்பது. அடுத்தது, கெட்டதைச் சீர்செய்ய முன்வருவது. மன்னித்துவிடு என்று கேட்பது கடைசியில் வந்தது. விடவேண்டி வந்தால் அதைத்தான் விடலாம் என்று லெவிக்கியே சொன்னார்.

எழுதுவதற்கு முன் உங்களையே ஒன்று கேளுங்கள்: அவர் இதை வாசித்தாரா என்றே கடைசிவரை தெரியாமல் போனாலும் அனுப்புவேனா? மாட்டேன் என்றால், கொஞ்சக் காலம் பொறுங்கள். ஆம் என்றால், நான் இப்படி எழுதுவேன்:

“வணக்கம். நான் 1996இல் எட்டாம் ஆண்டில் உங்களோடு படித்த இன்னார். அந்த வருடம் நான் உங்களுக்குச் செய்தவற்றைப் பற்றியது இந்தக் கடிதம். வாசிக்க விருப்பம் இல்லாவிட்டால் இதோடு நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் கதைப்பதை வகுப்பில் திருப்பிச் சொல்லிச் சிரித்தேன். உங்களுக்கு அந்தப் பட்டத்தை வைத்தது நான். காலி வீதி பஸ் தரிப்பில் ஆமி நிற்கும்போதும் அப்படிக் கூப்பிட்டேன். அதில் இருந்த ஆபத்து எனக்குத் தெரியும். உங்களுக்கு ஓர் அண்ணன் இயக்கத்தில் இருப்பதாக நான் பரப்பியது பொய். நீங்கள் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. செய்தது முழுக்க என் பிழை. அதற்காக வெட்கப்படுகிறேன், வருந்துகிறேன்.

அந்தக் கதை பொய் என்று எங்களோடு படித்தவர்களிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் எனக்குப் பதில் எழுதத் தேவையில்லை. நான் மறுபடி எழுதமாட்டேன்.”

இவ்வளவுதான். ‘நீங்கள்’ என்றே எழுதுங்கள். ‘நீ’ என்று கூப்பிடும் உரிமை கூட்டாளிக்கு உரியது. நீங்கள் அவருக்குக் கூட்டாளியாக இருக்கவில்லை. பட்டப் பெயரைத் திரும்ப எழுதாதீர்கள், அவருக்கு அது மறந்திருக்காது. “நீங்கள் எவ்வளவு அழுதிருப்பீர்கள்” என்பது போன்ற ஊகங்கள் வேண்டாம். அழுதாரா, கோபப்பட்டாரா என்பது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் செய்தது மட்டுமே உங்களுக்குத் தெரியும். பாடசாலையை விட்டு நின்றதற்கும் நீங்கள்தான் காரணம் என்று எழுதாதீர்கள். அது உண்மையாக இருக்கலாம், விசா வந்து போனதாகவும் இருக்கலாம். கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் அப்போது இருந்த பல குடும்பங்கள் வெளிநாடு போகக் காத்திருந்தவைதான்.

கடைசிப் பந்தியில் ஒரு வரி இருக்கிறதே, அதை நீங்கள் முதலில் செய்து முடித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். சீர்செய்வது என்று நான் சொல்வது அதைத்தான். வட்ஸ்அப் குழுவுக்குப் போய், “இந்தப் பட்டத்தை வைத்தது நான், அந்த அண்ணன் கதையும் நான் கட்டிய பொய், தயவுசெய்து இனி அந்தப் பெயரைப் போடாதீர்கள்” என்று எழுதுங்கள். அவருக்கு எழுதப்போவதை அங்கே சொல்லாதீர்கள். சொன்னால் “பதில் வந்ததா” என்று எல்லாரும் கேட்பார்கள், அவரிடமே கேட்கவும் ஆள் இருக்கும். சிரித்தவர் உங்களைக் கோபிக்கலாம். இதற்குக் கடிதம் பெறுபவரின் அனுமதியோ பதிலோ தேவையில்லை. அவர் கடிதத்தைத் திறக்காவிட்டாலும் இது மட்டும் நடந்ததாக இருக்கும். ஆனால் அந்தப் பட்டம் இன்னும் குழுவில் ஓடிக்கொண்டிருந்தது என்பதை அவருக்குச் சொல்ல வேண்டாம். அது புதிய காயம்.

எந்த வழியில் அனுப்புவது என்பதும் முக்கியம். நண்பர் கோரிக்கை அனுப்பாதீர்கள். அவருடைய மாமி வெள்ளவத்தையில் இருக்கிறார், கோயிலில் காணலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கல்யாண வீட்டில் கண்டு கையைப் பிடிப்பதும் வேண்டாம். நாலு பேர் முன்னால் அவர் சிரித்துத்தான் ஆகவேண்டி வரும். உங்களுக்கு இருக்கும் நல்ல வழி பேஸ்புக் மெசஞ்சர்தான். நண்பராக இல்லாதவர் அனுப்பும் செய்தி அங்கே தனியாக ஒரு கோரிக்கைப் பெட்டியில் விழும். அவர் அதை ஏற்றுக்கொள்ளாமலே வாசிக்கலாம், வாசித்தது உங்களுக்குத் தெரியாது. வட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டால், வாசித்தும் பதில் இல்லையே என்று நீங்கள் காத்திருக்கத் தொடங்குவீர்கள், அது அவருக்கும் தெரியும்.

அவர் உங்களை ஏற்கனவே தடுத்து வைத்திருந்தால் அதுதான் அவருடைய பதில். வேறு கணக்கில் இருந்தோ வேறு ஆள் மூலமாகவோ முயலாதீர்கள். மதுப் பழக்கத்தில் இருந்து மீள்பவர்களுக்கான அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ் அமைப்பின் பன்னிரண்டு படிகளில் ஒன்பதாவது, தீங்கு செய்தவர்களிடம் நேரடியாகப் பரிகாரம் செய்யச் சொல்கிறது. அவர்களுக்கோ மற்றவர்களுக்கோ அதனால் தீங்கு வருமானால் செய்யாதே என்ற விலக்கும் அந்தப் படியிலேயே இருக்கிறது.

“பரவாயில்லை, எல்லாம் மறந்துவிட்டேன்” என்று அவர் எழுதினால், “நன்றி” என்று மட்டும் எழுதி நிறுத்துங்கள். கொழும்புக்கு வந்தால் வீட்டுக்கு வாருங்கள் என்று அழைக்காதீர்கள். கோபமாக எழுதினால், “நீங்கள் சொல்வது சரி” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். நான் உங்களை ஆயத்தப்படுத்த விரும்புவது இன்னொன்றுக்கு. அவர் எழுதி, நீங்கள் மறந்தே போன ஒன்றைச் சொல்லக்கூடும்: ஒரு கொப்பி, ஒரு சாப்பாட்டுப் பெட்டி, நீங்கள் தாயைப் பற்றிச் சொன்ன ஒரு சொல். உங்கள் ஞாபகத்தில் அது வேறு மாதிரி இருக்கலாம், செய்தது உங்கள் கூட்டாளியாகவும் இருக்கலாம். திருத்தாதீர்கள். “எனக்கு அது ஞாபகம் இல்லை. நீங்கள் சொல்வதை நம்புகிறேன். அதுவும் பிழை” என்று எழுதி அனுப்புங்கள்.