ஆர்டர் தாளில் தேதியைத் தமிழாக்கும்போது

அமெரிக்க வியாபாரி ஒருவர் நம் குழுவிடம் பனை ஓலைக் கூடை கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் '05/06/2025-க்கு முன் அனுப்ப வேண்டும்' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. நாம் ஜூன் 5 என்றுதான் படிப்போம். ஆனா அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்கள். அவருக்கு அது மே 6. சரியாக 30 நாள் வித்தியாசம்!

எப்படிக் கண்டுபிடிப்பது? அதே தாளில் உள்ள மற்ற தேதிகளைப் பார்க்க வேண்டும். கையெழுத்துத் தேதி 04/22/2025 என்றிருந்தால், 22-ஆவது மாதம் கிடையாது. ஆகவே முதல் எண்தான் மாதம். அப்படித் தடயம் எதுவும் இல்லாவிட்டால் ஊகிக்கக் கூடாது. வியாபாரியிடம் எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துவோம்.

தமிழில் எழுதும்போது மாதத்தை எழுத்தில் எழுதுவோம்: '2025 மே 6'. ஏப்ரலைச் சித்திரை என்று மாற்றிவிடக் கூடாது. 2025-ல் சித்திரை 1 என்பது ஏப்ரல் 14. ஏப்ரல் 22-ஐச் சித்திரை 22 என்று எழுதினால் அது மே 5 ஆகிவிடும்!

அடுத்தது கெடு. ஆங்கிலத்தில் 'ஆன் ஆர் பிஃபோர்' என்றிருந்தால் அந்த நாளும் சேரும்: 'மே 6 உட்பட'. வெறும் 'பிஃபோர்' என்றால் அந்த நாள் சேராது. மே 5-தான் கடைசி நாள். நம் தாளில் இருப்பது இதுதான். 'மே 6-க்குள்' என்று மட்டும் எழுதினா, ஆறாம் தேதி சேருமா சேராதா என்று சண்டை வரும். அதனால் 'மே 5 உட்பட, அதற்குள்' என்றே எழுதுவோம்.