விளம்பரத்தில் எளிய மனிதர்கள்

நுழையும்முன்

ஒரு பொருளை விற்க எடுக்கப்படும் படம், அப்பொருளை வாங்கும் மனிதரையும் வரைந்து காட்டிவிடுகிறது. அவர் எதை உடுத்துகிறார், என்ன தொழில் செய்கிறார், எத்தகைய வீட்டில் வாழ்கிறார் என்பவற்றை விளம்பரம் எவ்வாறு காட்டுகிறது? அதில் மதிப்பு இருக்கிறதா, ஏளனம் இருக்கிறதா என்பதை அறியும் வழி என்ன? இவற்றை இப்பாடம் ஆராய்கிறது.

வார்ப்புப் படிமம்

தொலைக்காட்சி விளம்பரம் பெரும்பாலும் முப்பது நொடிகளுக்குள் முடிந்துவிடுகிறது. கதைமாந்தர் யார் என்பதைச் சில நொடிகளில் உணர்த்தியாக வேண்டும். அதனால் படைப்பாளர், பார்ப்பவர் மனத்தில் முன்பே பதிந்துள்ள அடையாளங்களைத் தேடுகிறார். தலைப்பாகை கட்டினால் உழவர். கண்ணாடி அணிந்தால் அறிவாளி. விரிசல் விழுந்த சுவர் தெரிந்தால் ஏழை வீடு. ஒரே அச்சில் வார்த்தவைபோல் மீண்டும் மீண்டும் வரும் இத்தகைய உருவங்களை வார்ப்புப் படிமங்கள் எனலாம். பெரும்பாலான நேரங்களில் இவை தீய எண்ணத்தால் பிறப்பதில்லை, அவசரத்தால் பிறக்கின்றன. ஆயினும் அவை தரும் காயம் அதனால் குறைவதில்லை.

ஒரு கற்பனை விளம்பரம்

கைப்பேசிவழிப் பணம் செலுத்தும் சேவைக்காக எழுதப்பட்ட ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். சாயம் போன புடவை உடுத்திய காய்கறி விற்பனையாளர், கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து விழிக்கிறார். கல்லூரி மாணவர் ஒருவர் சிரித்தபடி அதை வாங்கி இயக்கிக் காட்டுகிறார். அந்த அம்மா கைகூப்புகிறார். அடுத்த காட்சியில் அவருடைய வீடு வருகிறது. மங்கிய ஒளி, ஒழுகும் கூரை.

இதில் முதற்குறை உடையன்று. விற்பனையாளர் எளிய புடவை உடுத்துவது இயல்பே. அவ்வுடை அறியாமையின் அடையாளமாக ஆக்கப்பட்டதே குறை. உண்மையில், தராசின் அருகே பணம் பெறும் குறியீட்டு அட்டையை வைத்து வணிகம் செய்யும் சிறுகடைக்காரர்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். தன் தொழிலில் தேர்ந்தவரையே கற்பிக்கப்பட வேண்டியவராக இக்காட்சி காட்டுகிறது.

இரண்டாம் குறை வீட்டில் உள்ளது. வசதியான வீட்டை வெண்ணொளியிலும் எளிய வீட்டை மங்கிய மஞ்சள் ஒளியிலும் படமாக்குவது ஒரு வழக்கம். அங்கே ஏழ்மையைக் காட்டுவது வீடன்று, விளக்கமைப்பே.

இடமாற்றச் சோதனை

காட்சியிலுள்ள இருவரையும் இடம் மாற்றிப் பாருங்கள். மாணவர் விழிக்க, அந்த அம்மா சொல்லித்தந்தால் கதை இயல்பாக நடக்கிறதா? நடக்காதெனத் தோன்றினால், கதை தாங்கி நிற்பது சேவையின் பயனையன்று, ஒருவரின் தாழ்வையே. ஆனால் வெறும் இடமாற்றமே தீர்வாகாது. மாணவரை ஏளனம் செய்தால் ஒரு வார்ப்புக்கு மாற்றாக மற்றொன்று வரும். அனைவருக்கும் விலையுயர்ந்த உடை அணிவித்தாலும் எளிய மனிதர் திரையிலிருந்தே மறைந்துபோவார்.

திருத்திய காட்சி

விடியற்காலை, கோயம்பேடு சந்தை. அதே அம்மா, அதே புடவை. தக்காளிப் பெட்டியை அழுத்திப் பார்த்து, விலை பேசி, கைப்பேசியில் பணம் செலுத்துகிறார். பகலில் அவர் கைகள் தராசில் இருக்க, பணம் வந்ததை ஒலிபெருக்கி அறிவிக்கிறது. மாணவர் ஒரு வாடிக்கையாளர் மட்டுமே. மாலையில் ஓர் அறை வீடு. அடுக்கில் துலக்கிய பாத்திரங்கள், ஆணியில் மகளின் பள்ளிப்பை. சந்தைக்கும் வீட்டுக்கும் ஒரே தெளிவான ஒளி. கணவர் அடுப்பருகே இருக்க, அவர் அன்றைய வரவைச் சரிபார்க்கிறார். உடையும் தொழிலும் மாறவில்லை. முடிவெடுப்பவர் யார் என்பதே மாறியது.

தெரிந்து தெளிவோம்

1985இல் தொடங்கப்பட்ட இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில், விளம்பரத் துறையினரே அமைத்துக்கொண்ட தற்கட்டுப்பாட்டு அமைப்பு. கருநிறம் உடையவரை அழகற்றவராகவோ வாழ்வில் தோற்றவராகவோ காட்டலாகாது என, நிறம் மாற்றும் பொருள்களுக்கான நெறிகளை அது 2014இல் வகுத்தது. பாலின வார்ப்புகள் குறித்த நெறிகளை 2022இல் வெளியிட்டது. பெண் வீட்டைத் தூய்மை செய்வதைக் காட்டலாம். அது பெண்ணுக்கு மட்டுமே உரிய வேலை என உணர்த்தலாகாது என்பது அதன் சாரம்.

கற்பவை கற்றபின்

1. ஒரு விளம்பரத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் பேசுபவர், கேட்பவர், முடிவெடுப்பவர் யார் யார் எனப் பட்டியலிடுக.

2. அதே விளம்பரத்தை இடமாற்றச் சோதனைக்கு உட்படுத்தி, உம் முடிவைக் காரணத்துடன் எழுதுக.

3. உம் தெருவில் தொழில் செய்யும் ஒருவரின் ஒரு நாளை, அவர் இசைவுடன் கண்டறிந்து, முப்பது நொடி விளம்பரக் காட்சியாக எழுதுக. எழுதியதை முதலில் அவருக்கே படித்துக் காட்டுக.