ஜான் ஸ்னோவின் அப்பா யார்? நம்பிக்கைகளும் உண்மைகளும்

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடலாம். முக்கிய முடிச்சுகள் எல்லாம் இங்கே அவிழ்கின்றன. தொடர் 2019இல் முடிந்துவிட்டது. அதில் எது கதை, எது ரசிகர்கள் கட்டிய கதை என்ற வாக்குவாதம் மட்டும் முடியவில்லை. யூடியூபில் ‘உறுதியானது’ என்று தலைப்பு வைத்த வீடியோக்களில் பாதி, யாரோ ஒருவருடைய ஊகத்தை இன்னொருவர் வாசித்துக் காட்டுவதுதான்.

நம்பிக்கை: ஒரு பாத்திரம் வாயால் சொல்லிவிட்டால் அது கதையின் உண்மை.

முதல் சீசனின் இரண்டாவது எபிசோடைப் போட்டுப் பாருங்கள். பயணத்தின் நடுவே ராஜா ராபர்ட், உன் மகன் ஜான் ஸ்னோவைப் பெற்றவள் பெயர் என்ன என்று நெட் ஸ்டார்க்கிடம் கேட்கிறார். நெட் மனசில்லாமல் ‘வைலா’ என்று ஒரு பெயரைச் சொல்கிறார். சொல்பவர் பொய்யே பேசாத மனிதர் என்று பெயர் எடுத்தவர். கேட்பவர் நெருங்கிய நண்பர், நாட்டின் ராஜா. ஆனாலும் அது பொய். ராபர்ட் தன் பங்குக்கு, இளவரசன் ரேகார் டார்கேரியன் நெட்டின் தங்கை லியான்னாவைக் கடத்திப்போனான் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மனதார நம்பித்தான் சொன்னார். அதுவும் தவறு என்று பின்னால் தெரிந்தது.

அதே எபிசோடில் நெட் ஜானிடம் விடைபெறும் இடம் இன்னும் சுவாரசியம். என் குலப்பெயர் உனக்கு இல்லாவிட்டாலும் உன் உடம்பில் ஓடுவது என் ரத்தம் என்கிறார். ‘என் மகன்’ என்று சொல்லவில்லை. தங்கை பிள்ளைக்கும் அந்த வார்த்தை பொருந்தும். ரசிகர்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான். ஆனால் இது வெறும் துப்பு. இரண்டு பக்கமும் பொருந்தும் வசனத்தை வைத்து ஒரு பக்கத்துக்கு மட்டும் தீர்ப்பு எழுத முடியாது. பாத்திரம் ஒன்றைச் சொன்னது என்பது நிச்சயம். அவர் சொன்னது நடந்ததா என்பது தனிக் கேள்வி.

நம்பிக்கை: ஜானின் பிறப்பு ரகசியம் ஆறாவது சீசனிலேயே முழுக்க உறுதியாகிவிட்டது.

பாதிதான் சரி. ஜான், லியான்னாவுக்கும் ரேகாருக்கும் பிறந்தவன் என்ற ஊகம் தொடருக்கு வெகுகாலம் முந்தியது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் முதல் புத்தகம் 1996இல் வந்தது. 1990களின் பிற்பகுதியிலேயே வாசகர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார்கள். கணக்கு பின்னால் சரியாக வந்ததால், அன்றைக்கே அது அதிகாரபூர்வம் என்று ஆகிவிடாது.

2016 ஜூன் 26 அன்று ஆறாவது சீசனின் கடைசி எபிசோட் வந்தது. பிரான் தன் பார்வையில் பழைய காலத்தைக் காண்கிறான். ரத்தம் தோய்ந்த கட்டிலில் சாகக் கிடக்கும் லியான்னா, அண்ணன் நெட்டின் காதில் ஏதோ சொல்கிறாள். நடுவில் சில வார்த்தைகள் நமக்குக் கேட்பதில்லை. வேண்டுமென்றே ஒலியைத் தாழ்த்தியிருக்கிறார்கள். ராபர்ட்டுக்குத் தெரிந்தால் குழந்தையைக் கொன்றுவிடுவான் என்பது மட்டும் கேட்கிறது. குழந்தையின் முகத்திலிருந்து காட்சி நேராக ஜானின் முகத்துக்குத் தாவுகிறது. அம்மா யார் என்பது அந்த வெட்டில் உறுதியானது. அப்பா பெயர் திரையில் வரவே இல்லை. ராபர்ட் ஏன் கொல்வான் என்று யோசித்தால் விடை ரேகார்தான். ஆனால் அது நாம் யோசித்துக் கண்டது, தொடர் சொன்னது அல்ல.

அந்த எபிசோட் வந்த கையோடு, எச்பிஓ தன் இணையதளத்தில் ஒரு உறவுமுறைப் படம் வெளியிட்டது. அதில் ரேகாரிலிருந்து ஜானுக்குக் கோடு போயிருந்தது. தயாரிப்பவர்களே சொன்னது என்பதால் ஊகத்தைவிட இதற்கு எடை அதிகம். ஆனாலும் இது கதைக்கு வெளியே ஒட்டிய சீட்டு. அந்தப் படத்தைக் காணாத பார்வையாளருக்குக் கதையில் அப்பா இன்னும் வரவில்லை.

ஏழாவது சீசனின் ஐந்தாவது எபிசோடில் கில்லி ஒரு பழைய நாட்குறிப்பை எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். ஒரு இளவரசனின் திருமணம் ரத்தாகி, அதே சமயம் வேறொருத்தியோடு திருமணம் நடந்தது என்று வருகிறது. சாம் அவள் பேச்சை வெட்டிவிட்டுத் தன் புலம்பலைத் தொடர்கிறான். 2017 ஆகஸ்ட் 27 அன்று வந்த சீசன் இறுதியில்தான் எல்லாம் சேர்கிறது. சாம் அந்த நாட்குறிப்பைப் பற்றிச் சொல்ல, ரேகார் – லியான்னா திருமணத்தைப் பிரான் காண்கிறான், நாமும் காண்கிறோம். முன்பு அமுக்கிய கிசுகிசுப்பும் இப்போது கேட்கிறது: குழந்தையின் பெயர் ஏகான் டார்கேரியன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இடையே பதினான்கு மாத இடைவெளி.

பார்வையில் தெரிவதெல்லாம் உண்மையா என்று கேட்பது நியாயம்தான். இரண்டாவது சீசனில் டெனேரிஸ் மாய மாளிகைக்குள் இறந்துபோன கணவனையும் குழந்தையையும் காண்கிறாள், அது மயக்கம். பிரான் காணும் கடந்த காலத்தையோ தொடர் கடைசிவரை நடந்த பதிவாகவே நடத்துகிறது. நாட்குறிப்பு என்ற தனிச் சாட்சியும் அதோடு ஒத்துப்போகிறது. இரண்டு வழியாக வந்த ஒரே செய்தி என்பதால்தான் இதை நம்பலாம்.

நம்பிக்கை: பிரான்தான் நைட் கிங். தொடர் மறுக்கவில்லையே!

மறுக்காதது ஒப்புக்கொண்டதாகாது. ஆறாவது சீசனின் ஐந்தாவது எபிசோடில், மரத்தில் கட்டிய ஒரு மனிதனின் நெஞ்சில் கானகக் குழந்தைகள் டிராகன் கண்ணாடிக் கத்தியை இறக்கி நைட் கிங்கை உருவாக்குவதைப் பார்த்தோம். அந்த மனிதனுக்குள் பிரானின் மனம் சிக்கியிருந்தது என்பது ரசிகர்கள் சேர்த்த பகுதி. அதே எபிசோடில் பிரானின் செயல் ஹோடாரின் கடந்த காலத்தைப் பாதித்ததால் ஊகத்துக்குத் தீனி கிடைத்தது, அவ்வளவுதான். 2019 ஏப்ரலில் ஆர்யா நைட் கிங்கைக் கொன்றாள். பிரானுக்கு ஒரு கீறலும் இல்லை. மூன்று எபிசோட் தள்ளி ராஜாவாகவே ஆகிவிட்டான். எந்தக் காட்சி வந்தால் தன் ஊகம் தவறு என்று ஒப்புக்கொள்வார் என்று ஒருவரால் சொல்ல முடியாவிட்டால், அவரோடு வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது என் கருத்து.

நம்பிக்கை: தொடரில் வந்துவிட்டால் புத்தகத்திலும் அப்படித்தான்.

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். வெளிவந்த ஐந்தாவது புத்தகம் 2011ஆம் ஆண்டுடையது. அதில் ஜான் கத்திக்குத்து வாங்கி விழுவதோடு அவன் கதை நிற்கிறது. உயிர்த்தெழுவது தொடரில் மட்டும். ஹோடார் பெயரின் பின்னணி மார்ட்டின் தங்களிடம் சொன்னது என்று தொடரை உருவாக்கிய பெனியாஃபும் வைஸும் பேட்டியில் கூறியிருக்கிறார்கள். வரப்போகும் புத்தகத்துக்கு அது வலுவான முன்னறிவிப்புதான், ஆனாலும் அச்சில் வராதவரை முன்னறிவிப்பாகவே இருக்கும். தொடருக்கு ஒரு கணக்கு, புத்தகத்துக்கு ஒரு கணக்கு என்று பிரித்து வைப்பதே சரி.

அடுத்த முறை யாராவது ‘இது உறுதியாகிவிட்டது’ என்று சொன்னால் எந்த சீசன், எந்த எபிசோட், அதைக் கண்ணால் பார்த்தோமா அல்லது யாராவது சொல்லக் கேட்டோமா என்று கேளுங்கள். புத்தகத்தைப் பற்றிய பேச்சு என்றால் அத்தியாயத்தைக் கேளுங்கள். ஜானின் பெற்றோர் யார் என்று நேராகச் சொல்லும் அத்தியாயம் அந்த ஐந்து புத்தகங்களில் எதிலும் இல்லை.