எந்த மாவு நூறு?

பெங்களூரில் எங்கள் படிப்பு மையத்துக்கு ஓர் அக்கா வருகிறார். பேக்கரி ஒன்றில் மாவு பிசையும் வேலை. அங்கே புளிமாவு ரொட்டி செய்கிறார்கள். அதை ‘சவர்டோ’ என்று சொல்வார்கள். இந்த ரொட்டிக்குக் கடையில் விற்கும் ஈஸ்ட் போடுவதில்லை. முன்பே புளித்த மாவைக் கொஞ்சம் எடுத்துப் புது மாவில் கலக்கிறார்கள். அதில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் மாவைப் பொங்க வைக்கின்றன.

ஒரு நாள் மாஸ்டர் ஊருக்குப் போனார். போகும் முன் ஒரு சீட்டு எழுதி வைத்தார்.

மாவு 5 கிலோ
தண்ணீர் 70
உப்பு 2
புளிமாவு 20
ரொட்டி 10. ஒன்று 860 கிராம்

அக்காவால் சீட்டைப் படிக்க முடிந்தது. 70 என்பது நூற்றுக்கு 70 என்றும் தெரியும். கணக்குப் போட்டு எல்லாவற்றையும் நிறுத்தார். பிசைந்தார். மாவு கையில் ஒட்டியது. பத்து ரொட்டிக்குத் துண்டு போட்ட பிறகும் ஒரு கிலோ மாவு மிச்சம் இருந்தது. அடுப்பில் வைத்த ரொட்டிகள் மேலே எழும்பாமல் பக்கவாட்டில் பரந்தன. அக்காவின் அன்றைய கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள்.

அக்கா செய்த பெருக்கல் சரி. வகுத்தலும் சரி. பிறகு தவறு எங்கே? அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

மூன்று மாவு

தமிழில் எல்லாவற்றையும் மாவு என்றே சொல்கிறோம். மூட்டையில் இருப்பதும் மாவு. தண்ணீர் விட்டுப் பிசைந்ததும் மாவு. புளித்ததும் மாவு. கணக்குப் போடும்போது இது குழப்பும். ஆகவே மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துக்கொள்வோம்.

மூட்டையில் இருப்பது உலர்மாவு.
தண்ணீரும் மற்றவையும் சேர்த்துப் பிசைந்தது பிசைந்த மாவு.
முன்பே புளிக்க வைத்தது புளிமாவு. பேக்கரியில் இதை ‘ஸ்டார்ட்டர்’ என்பார்கள்.

உலர்மாவுதான் நூறு

ரொட்டிக் கணக்கில் உலர்மாவை எப்போதும் 100 பங்கு என்று வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அதை வைத்தே சொல்வார்கள். தண்ணீர் 70 என்றால், உலர்மாவு 100 கிராமுக்குத் தண்ணீர் 70 கிராம். உப்பு 2 என்றால், உலர்மாவு 100 கிராமுக்கு உப்பு 2 கிராம். இந்தத் தண்ணீர்ப் பங்கைத்தான் மாஸ்டர்கள் ‘ஹைட்ரேஷன்’ என்கிறார்கள்.

பிசைந்த மாவில் நூற்றுக்கு 70 தண்ணீர் என்று இதற்குப் பொருள் இல்லை. அப்படி இருந்தால் அது ரொட்டி ஆகாது, கூழ் ஆகும்.

இப்போது 5 கிலோவுக்குக் கணக்குப் போடுவோம். 5 கிலோ என்பது 5000 கிராம். அதை 100 பங்காகப் பிரிக்க வேண்டும். 5000இல் கடைசி இரண்டு சைபரை அடித்துவிடுங்கள். 50 வரும். ஆக, ஒரு பங்கு 50 கிராம்.

தண்ணீர் 70 பங்கு: 70 × 50 = 3500 கிராம்
உப்பு 2 பங்கு: 2 × 50 = 100 கிராம்
புளிமாவு 20 பங்கு: 20 × 50 = 1000 கிராம்

தண்ணீரையும் தராசில் வைத்தே நிறுக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ இருக்கும். உலர்மாவை மட்டும் படியில் அளக்கக் கூடாது. அழுத்தி அளந்தால் கூடும். தளர அளந்தால் குறையும்.

அக்காவும் இதே கணக்கைத்தான் போட்டார். உலர்மாவு 5000, தண்ணீர் 3500, உப்பு 100, புளிமாவு 1000. நான்கையும் அப்படியே கலந்தார். தவறு அங்கேதான் நடந்தது.

புளிமாவுக்குள் என்ன இருக்கிறது?

மாஸ்டர் திரும்பி வந்ததும் அக்கா போய்க் கேட்டார்.

“மாஸ்டர், நீங்க எழுதினபடிதானே நிறுத்தேன். ஏன் இப்படி ஆச்சு?”

“புளிமாவை எதுலம்மா கரைச்சு வைக்கிறோம்?”

“உலர்மாவும் தண்ணியும் சரிக்குச் சரி போட்டு வைக்கிறோம்.”

“அப்போ ஒரு கிலோ புளிமாவுல எவ்வளவு தண்ணி இருக்கு?”

அக்கா கொஞ்சம் யோசித்தார். “அரைக் கிலோ.”

“உலர்மாவு?”

“அதுவும் அரைக் கிலோ. ஐயோ மாஸ்டர், அதைக் கழிக்கவே இல்லையே!”

“நானும் சீட்டுல அதை எழுதலையேம்மா. என் மேலயும் தப்பு இருக்கு.”

சீட்டில் இருந்த 5 கிலோ என்பது மொத்த உலர்மாவு. புளிமாவில் இருக்கும் உலர்மாவும் அதற்குள் அடங்கும். தண்ணீரும் அப்படித்தான். அக்கா 5 கிலோ உலர்மாவு போட்டார். புளிமாவுக்குள் இருந்த அரைக் கிலோ அதோடு சேர்ந்தது. மொத்தம் 5500 கிராம் ஆனது. தண்ணீர் 3500 கிராமோடு புளிமாவின் 500 கிராம் சேர்ந்து 4000 கிராம் ஆனது.

4000ஐ 5500ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 73 வரும். மாஸ்டர் கேட்டது 70. கலவையில் இருந்தது 73. மூன்று பங்குதான் கூடியது. ஆனால் அவர்கள் வாங்கும் மைதா 70 பங்குக்குத்தான் நன்றாக நிற்கும். அதற்கு மேல் போனால் தளர்ந்து பரவும். புளிமாவு ரொட்டி பல மணி நேரம் புளிக்கும். நேரம் ஆக ஆக மாவு இன்னும் இளகும். அதனால் மூன்று பங்கு கூடினாலும் தெரிந்துவிடுகிறது.

சரியான கணக்கு

முதலில் மொத்தத்தை எழுத வேண்டும். பிறகு புளிமாவில் இருப்பதைக் கழிக்க வேண்டும்.

உலர்மாவு: 5000 – 500 = 4500 கிராம்
தண்ணீர்: 3500 – 500 = 3000 கிராம்
உப்பு: 100 கிராம்
புளிமாவு: 1000 கிராம்

உப்பில் எதையும் கழிக்க வேண்டாம். புளிமாவில் உப்பு இல்லை.

இப்போது நான்கையும் கூட்டிப் பாருங்கள். 4500 + 3000 + 100 + 1000 = 8600 கிராம். பத்து ரொட்டி, ஒன்று 860 கிராம். பத்து எண்ணூற்று அறுபது 8600. கணக்கு ஒட்டிவிட்டது.

அக்கா போட்டதைக் கூட்டினால் 9600 வரும். ஒரு கிலோ அதிகம். மிச்சமான அந்த ஒரு கிலோ மாவு இதுதான். தண்ணீர் விடும் முன்பே கூட்டிப் பார்த்திருந்தால் தவறு பிடிபட்டிருக்கும்.

ரொட்டியிலிருந்து உலர்மாவுக்கு

சில நாள் சீட்டில் உலர்மாவின் எடை இருக்காது. “ஆறு ரொட்டி வேண்டும்” என்று மட்டும் சொல்வார்கள். அப்போது கணக்கைத் திருப்பிப் போட வேண்டும்.

பங்குகளைக் கூட்டுங்கள். உலர்மாவு 100, தண்ணீர் 70, உப்பு 2. மொத்தம் 172 பங்கு. இதில் புளிமாவின் 20ஐச் சேர்க்கக் கூடாது. அதில் உள்ள உலர்மாவும் தண்ணீரும் 100இலும் 70இலும் முன்பே அடங்கிவிட்டன.

ஆறு ரொட்டிக்குப் பிசைந்த மாவு 6 × 860 = 5160 கிராம் வேண்டும். அதை 172ஆல் வகுத்தால் 30 வரும். ஒரு பங்கு 30 கிராம். இனி முன்பு செய்தது போலவே பெருக்கலாம். மொத்த உலர்மாவு 3000, தண்ணீர் 2100, உப்பு 60, புளிமாவு 600.

860 என்பது பிசைந்த மாவின் எடை. அடுப்பில் தண்ணீர் கொஞ்சம் ஆவியாகும். வெந்த ரொட்டி அதைவிட 100 கிராமாவது குறைவாக இருக்கும். வாங்குபவர் கேட்பது வெந்த ரொட்டியின் எடையா என்று தெரிந்துகொண்டு கணக்கைத் தொடங்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

எல்லாப் பேக்கரியிலும் ஒரே வழக்கம் இல்லை. சிலர் புளிமாவில் இருப்பதைச் சேர்க்காமலே 100 என்றும் 70 என்றும் எழுதுவார்கள். அங்கே கழிக்கக் கூடாது. புதிய இடத்தில் வேலைக்குச் சேர்ந்தால், “இந்த நூறில் புளிமாவு அடக்கமா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சில இடங்களில் புளிமாவைக் கெட்டியாக வைப்பார்கள். அதில் தண்ணீர் பாதி இருக்காது. எத்தனை உலர்மாவுக்கு எத்தனை தண்ணீர் விட்டார்கள் என்று கேட்டு, அதன்படி கழிக்க வேண்டும்.

ஆட்டா மைதாவைவிட அதிகத் தண்ணீர் குடிக்கும். சப்பாத்திக்குப் பிசைபவர்களுக்கு இது தெரியும். மைதாவில் 70 பங்கு இளக்கமாக இருக்கும். ஆட்டாவில் அதே 70 கெட்டியாக இருக்கும். கணக்கு போடும் முறை மாறாது. 70 என்ற எண்தான் மாறும்.

மழைக்காலத்தில் மூட்டையில் இருக்கும் மாவே ஈரம் வாங்கியிருக்கும். அதனால் 3000 கிராம் தண்ணீரையும் ஒரே மூச்சில் விட வேண்டாம். 200 கிராமைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். கெட்டியாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். விட்ட தண்ணீரைத் திரும்ப எடுக்க முடியாது.

அக்கா இப்போது சீட்டின் பின்பக்கம் நான்கு வரி எழுதுகிறார். மொத்தம் எவ்வளவு, புளிமாவில் எவ்வளவு, கழித்தால் எவ்வளவு, கூட்டினால் எவ்வளவு. கூட்டல் ஒட்டிய பிறகே தராசைத் தொடுகிறார். சீட்டு எழுதும்போது மாஸ்டரும் இப்போது ‘புளிமாவு அடக்கம்’ என்று சேர்த்து எழுதுகிறார்.

பயிற்சி

1. உலர்மாவு 2 கிலோ. தண்ணீர் 75. தண்ணீர் எத்தனை கிராம்?
2. புளிமாவு 600 கிராம். அதில் உலர்மாவும் தண்ணீரும் சரிக்குச் சரி. ஒவ்வொன்றும் எவ்வளவு?
3. மேலே சொன்ன ஆறு ரொட்டிக்கு, புளிமாவில் இருப்பதைக் கழித்த பிறகு, மூட்டையிலிருந்து எவ்வளவு உலர்மாவு எடுக்க வேண்டும்? எவ்வளவு தண்ணீர் விட வேண்டும்? நான்கையும் கூட்டினால் 5160 வருகிறதா?

விடைகள்

1. ஒரு பங்கு 20 கிராம். தண்ணீர் 1500 கிராம்.
2. உலர்மாவு 300 கிராம். தண்ணீர் 300 கிராம்.
3. உலர்மாவு 2700 கிராம். தண்ணீர் 1800 கிராம். 2700 + 1800 + 60 + 600 = 5160.